வேலையை விட்டுப் போனவரைத் திரும்ப எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓ.எம்.ஆர். பக்கம் புதிதாக ஹெச்.ஆர். வேலைக்கு வரும் பிள்ளைகள், நாங்கள் எப்போதோ அடிபட்டுக் கற்ற அதே இடத்தில் போய் மோதுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். "நல்லபடியாகப் போனவர்தானே, தெரிந்த முகம்தானே" என்று ஒரே வாரத்தில் ஆஃபர் லெட்டர் அடித்துவிடுகிறார்கள். பின்னணிச் சரிபார்ப்பு செய்யுங்கள், பழைய ரிலீவிங் லெட்டரை எடுத்துப் பாருங்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். அதற்குள் போகவில்லை.

தங்கியிருப்பவர்களின் சம்பளத்தைப் பார்க்காமல் ஆஃபர் கொடுப்பது

இதுதான் இன்னமும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு.

பெருங்குடியில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 9 லட்சம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் கிளம்பினார். அவரோடு அதே நிலையில் இருந்த நான்கு பேர் தங்கினார்கள். வருடத்துக்கு 8 சதவீத இன்க்ரிமென்ட். இரண்டு வருடம் கழித்து அவர்கள் சம்பளம் சுமார் 10.5 லட்சம். போனவர் வெளியே 13 லட்சத்தில் இருந்தார். திரும்பி வர 16 கேட்டார், டீம் லீட் பதவியும் கேட்டார். கிளையன்ட் அவசரம், இரண்டையும் கொடுத்துவிட்டார்கள்.

சம்பளம் ரகசியம் என்று நாம் நினைத்துக்கொள்வதுதான். பதவிப் பெயர் முதல் நாளே கம்பெனி டைரக்டரியில் வந்துவிடும், தொகை டீக்கடைக்கு வர ஒரு மாதம் ஆகும். யாரும் சண்டை போடவில்லை. "ஒரு ரவுண்டு வெளியே போய்விட்டு வந்தால்தான் இங்கே மதிப்பு" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு கேட்டால் எச்சரிக்கையாகிவிட வேண்டும். வார நாட்களில் திடீரென அரை நாள் லீவு கேட்பது அடுத்த அடையாளம். ஏப்ரல் இன்க்ரிமென்ட் கைக்கு வந்ததும் நால்வரில் இருவர் பேப்பர் போட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். அந்த இருவர் இடத்துக்கு வெளியிலிருந்து எடுத்தவர்களுக்கு ஆளுக்கு 15 லட்சம். பழைய 10.5-ஓடு ஒப்பிட்டால் கூடுதல் செலவு வருடத்துக்கு 9 லட்சம். ஏஜென்சி கமிஷன் 8.33 சதவீதம், அதில் இன்னொரு 2.5 லட்சம். புதியவர்களுக்கும் வேறு இடத்தில் 90 நாள் நோட்டீஸ் இருந்ததால், நடுவே யார் வேலை பார்த்தார்கள்? மீதி இருந்த இருவர்தான்.

வேறு மாதிரி செய்திருக்கலாம். ஆஃபருக்கு முன்பே அதே நிலையில் இருப்பவர்கள் எல்லோரையும் ஒரே தாளில் எழுதி, நால்வரையும் 12.5-க்கு உயர்த்தியிருந்தால் செலவு 8 லட்சம். திரும்பி வருபவருக்கு நிலையான சம்பளம் 13.5, மேலே 1.5 லட்சம் ஜாயினிங் போனஸ், அதையும் இரண்டு தவணையாக. போனஸ் ஒருமுறைச் செலவு, அடுத்த வருட இன்க்ரிமென்ட் அதன் மேல் ஏறாது. பதவியை ஆறு மாதம் கழித்து, உள்ளே இருப்பவர்களோடு சேர்த்தே பரிசீலிக்கலாம். இதற்கு வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். உள்ளே இருப்பவர்களுக்கான உயர்வுக் கடிதம் அவர் சேரும் தேதிக்கு முன்னால் போக வேண்டும். பின்னால் கொடுத்தால் அது சமாதானப் பணம் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். ஒரே தொகைதான், ஆனால் பலன் பாதிகூட இருக்காது.

டீமிடம் கடைசியில் சொல்வது

திரும்பி வருபவரோடு உட்காரப் போகிறவர் அந்தச் செய்தியை லிங்க்ட்இன் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆஃபருக்கு முன்பே கேளுங்கள்.

"எல்லாம் தெரிந்தவர்" என்று விட்டுவிடுவது

திரும்பி வருபவரின் பெரிய லாபம், கிளையன்டையும் புராஜெக்டையும் அறிந்திருப்பது. புதியவருக்கு மாதக்கணக்கில் ஆகும் பழக்கம் இவருக்குச் சில வாரத்தில் வந்துவிடும். வெளியே பார்த்த நல்ல வழக்கங்களையும் கொண்டுவருவார், டீமுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் அவர் அறிந்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆபீஸ். அப்போது அவருக்கு ஜூனியராக இருந்த பெண் இப்போது அந்த மாடியூலுக்குப் பொறுப்பு. திரும்பி வந்தவர் அந்தப் பெண்ணைத் தாண்டி நேரே மேனேஜரிடம் போய் வேலையை முடித்துக்கொள்வார், பழைய பழக்கம். யார் எதற்கு ஒப்புதல் தருவது என்பதை முதல் வாரமே அந்தப் பெண்ணையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

ஏன் போனார் என்று கேட்காதது

எக்ஸிட் ஃபார்மில் எல்லோரும் "மேல் வாய்ப்பு" என்றுதான் எழுதுவார்கள். அவர் யாருக்குப் பயந்து போனாரோ அந்த மேனேஜர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறாரா என்று பாருங்கள், போதும்.

பழைய சர்வீஸைப் பற்றி வாய்மொழியாகப் பேசுவது

பி.எஃப்.-க்குப் பழைய யு.ஏ.என். எண்ணே தொடரும், இன்னொன்று உருவாக்காதீர்கள். கிராஜுவிட்டி வேறு கதை. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 வருடத் தொடர் சேவை வேண்டும், ராஜினாமா செய்து கணக்கு முடித்துப் போனால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். "முன்னாடி இருந்த நாலு வருஷமும் சேரும்ப்பா" என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தால், அதைக் கடிதத்தில் எழுதுங்கள், இல்லையென்றால் சேராது என்று எழுதுங்கள்.