பொட்டாசியம் சிரப்பை யார் நிறுத்துவது?

அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ரத்த அழுத்தம் ஏறும், பலருக்குப் பொட்டாசியம் இறங்கும். இதற்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை ஆல்டோஸ்டிரோன் சுரப்பதை நிறுத்துவதில்லை. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, சிறுநீரகத்தில் அந்த ஹார்மோன் உட்கார வேண்டிய ஏற்பியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அதனால் மாத்திரை தொடங்கியபின் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன் குறையவில்லையே என்று பயப்பட வேண்டாம். கூடவும் செய்யலாம்.

பெரிய தவறு மருந்துச்சீட்டில் நடக்கிறது. ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பொட்டாசியம் 2.9. பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டனோடு பொட்டாசியம் குளோரைடு சிரப்பும் குடித்து வருகிறார். நோய் இதுதான் என்று தெரிந்ததும் ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. சேர்க்கிறார்கள். சிரப்பை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது, உள்ளே ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை. டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றுகிற மருந்துதான். நடுவில் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் வேறு. பத்தாம் நாள் பொட்டாசியம் 6.2.

அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்பதுதான் இதில் மோசமான விஷயம். பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. கால் தளர்ச்சி வரலாம், வராமலும் போகலாம், நேராக இதயத் துடிப்பே தடுமாறலாம். எனவே தொடங்கி ஒரு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும், நான்காவது வாரம் மறுபடியும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் அடிக்கடி. 5.5 தாண்டினால் மருத்துவர் அளவைக் குறைப்பார். 6-ஐத் தாண்டினால் மாத்திரையை நிறுத்தி, அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும். ரத்த அணுக்கள் உடைந்த மாதிரியிலும் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். அதற்காக ‘லேப் தப்பு’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, அன்றே மறுபரிசோதனை. மாத்திரையை நிறுத்தினாலும் அதன் வளர்சிதைப் பொருளான கான்ரினோன் சில நாள் தங்கும். துண்டு சீட்டை விட்டு உடனே போகாது.

‘பிரஷர்காரருக்கு நல்லது’ என்று வாங்கும் சோடியம் குறைந்த உப்பில் பாதி பொட்டாசியம் குளோரைடாக இருக்கலாம். அப்புறம் தினசரி இளநீர். இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றே கேளுங்கள்.

இன்னொன்று, கூச்சம். ஸ்பைரோனோலாக்டோன் ஆண் ஹார்மோனின் ஏற்பியிலும் போய் உட்காரும். ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கலாம், பெண்களுக்கு மாதவிடாய் தாறுமாறாகலாம். அளவு கூடக் கூட இது கூடும். பலர் வெளியே சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அழுத்தம் பழையபடி ஏறுகிறது. சொன்னால் எப்லெரெனோனுக்கு மாற்ற வழியுண்டு. அதற்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் வீரியமும் குறைவு, பெரும்பாலும் நாளுக்கு இருவேளை போட வேண்டிவரும். பொட்டாசியம் விஷயத்தில் மட்டும் இதற்குச் சலுகை கிடையாது, ரத்தப் பரிசோதனை அதேபோலத் தொடரும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால் எப்லெரெனோன் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் எப்லெரெனோன் ரத்தத்தில் பலமடங்கு தேங்கிவிடும்.