ஆடும் மர நாற்காலியை ஆணி அடிக்காமல் சரிசெய்வது எப்படி?

எங்கள் வீட்டுத் தேக்கு நாற்காலி ஒன்று, உட்கார்ந்து பின்னால் சாய்ந்தாலே கிரீச் என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ எப்போதோ அதன் குறுக்குச் சட்டத்தில் ஆணி வேறு அடித்திருந்தார்கள். ஆணி அடித்தால் ஆட்டம் சில நாள் நிற்கும், அப்புறம் அந்த ஆணியே மரத்தைத் துளையோரமாகப் பிளந்துவிடும், என் நாற்காலியிலும் மெல்லிய விரிசல் விழுந்திருந்தது.

இணைப்பின் இடுக்கில் ஃபெவிகாலைப் பிழிந்துவிடுவதும் பயன்படாது. பசை பிடிக்க வேண்டியது மரத்தை. ஆனால் உள்ளே இருப்பது காய்ந்த பழைய பசை, புதுப் பசை அதன்மேல் சரியாகப் பிடிக்காது. அதனால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒவ்வொரு இணைப்பையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடுவதை மட்டும் பிரியுங்கள், இறுக்கமாக இருப்பதைத் தொடாதீர்கள். என் நாற்காலியில் முன்கால் ஜோடியும் பின்கால் ஜோடியும் தனித்தனியே உறுதியாகவே இருந்தன, இரண்டையும் சேர்க்கும் பக்கச் சட்டங்கள் நான்குதான் தளர்ந்திருந்தன. பின்னால் சாயும்போது பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும் என்பதால் பெரும்பாலான நாற்காலிகளில் இதே கதைதான். பிரிப்பதற்கு முன் எந்தச் சட்டம் எந்தத் துளைக்கு, எந்தப் பக்கம் மேலே என்று பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். உட்காரும் பலகையின் திருகுகளைக் கழற்றி, ஆணி இருந்தால் குறடால் பிடுங்கிவிட்டு, காலின் மேல் ஒரு துணியை வைத்து கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டினால் கழன்று வரும். வர மறுத்தால் இணைப்பில் சூடான வினிகரைச் சொட்டு சொட்டாக விட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். வஜ்ஜிரப் பசை போட்ட பழைய நாற்காலி என்றால் இதில் இளகிவிடும்.

இனி சுத்தம் செய்யும் வேலை, பாதி நேரம் இதற்கே போகும், போகட்டும். சட்டத்தின் முனையில் இருக்கும் பழைய பசையைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்த்தால் முனை இளைத்துப்போகும், ஆட்டம் கூடும். துளைக்குள் சின்ன உளியை விட்டுச் சுரண்டலாம். முடிந்ததா என்று தெரிய ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள்: மரம் உறிஞ்சினால் சரி, முத்தாக உருண்டு நின்றால் அங்கே இன்னும் பசை இருக்கிறது. ஈரப்பட்டதெல்லாம் ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

அடுத்து பசை போடாமல் பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினால் லேசான இறுக்கத்தோடு உள்ளே போக வேண்டும், தானாக வழுக்கி விழக் கூடாது. என்னுடைய இரண்டு முனைகள் அப்படித்தான் விழுந்தன. தச்சுப் பட்டறையில் இழைப்புளிச் சீவல் கொஞ்சம் வாங்கி, அதன் இழை முனையின் நீளவாக்கில் ஓடும்படி பசை தடவி ஒரு சுற்று சுற்றி நூலால் கட்டி வைத்தேன், மறுநாள் நூலைப் பிரித்து, தடிப்பு தெரிந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது வேண்டாம், அதற்குப் பலமே கிடையாது.

ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எட்டு இணைப்புகளுக்கும் பசை தடவி முடிப்பதற்குள் முதலில் தடவியது காய்ந்துவிடக் கூடாது, பத்து நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். துளையின் சுவரிலும் முனையிலும் மெல்லிசாகத் தடவுங்கள். துளையின் அடியில் பசை தேங்கினால் முனை உள்ளே இறங்கும்போது அது போக வழியில்லாமல் காலையே பிளந்துவிடலாம்.

கிளாம்ப் இல்லையா, பருத்திக் கயிறு போதும். மேல் சட்டத்தின் உயரத்தில் ஒன்று, கீழ்ச் சட்டத்தின் உயரத்தில் ஒன்று என நான்கு கால்களையும் சுற்றி இரட்டையாகக் கட்டி, கயிறு பதியும் இடத்தில் துணி வைத்து, இரண்டு இழைக்கும் நடுவே ஒரு குச்சியை விட்டு முறுக்குங்கள். இடுக்கு மூடி, ஓரத்தில் பசை மணிமணியாக எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, குச்சியைச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். பிதுங்கிய பசையை அப்போதே ஈரத் துணியால் துடைக்க வேண்டும், விட்டால் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது.

பசை இளக்கமாக இருக்கும்போதே நாற்காலியைச் சமதரையில் நிறுத்தி, எதிரெதிர் கால்களுக்கு இடையே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். என் நாற்காலியில் ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது, அந்த நீளமான மூலைகளைப் பிடித்து உள்நோக்கி அழுத்தியதும் இரண்டும் சமமாகி, நான்கு காலும் தரையில் பட்டன. கயிற்றை மறுநாள் அதே நேரத்துக்குத்தான் அவிழ்த்தேன், பலகையைத் திருகி உட்கார்ந்தது அதற்கும் அடுத்த நாள்.