பால்வெட்டுக் கத்தி விரலில் பட்டால்

குலசேகரம், அருமனைப் பக்கம் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டும்போது கத்தி வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்குவது உண்டு. குழாய்த் தண்ணீரில் கழுவி, மோதிரம் இருந்தால் வீங்கும் முன்பே கழற்றுங்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியபடி கடிகாரம் பார்த்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள்.

பலரும் தவறுவது இங்கேதான். "நின்னுட்டா?" என்று இடையில் திறந்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் துணியோடு பிய்ந்து வரும். துணி நனைந்தால் எடுக்காதீர்கள், மேலேயே இன்னொன்றை வையுங்கள். காபித்தூள், சுண்ணாம்பு வேண்டாம். விரலடியில் நூலோ ரப்பர் வளையமோ இறுக்கவும் கூடாது, ரத்தவோட்டம் நின்று விரலே கெடும்.

நிற்கவில்லையா? இன்னொரு 10 நிமிடம் அழுத்துங்கள். அதன்பிறகும் கசிந்தால் அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் பீறிட்டு அடித்தால் காத்திருக்கவே வேண்டாம்.

ரத்தம் நின்றாலும் காயம் வாய் பிளந்திருந்தாலோ, உள்ளே மஞ்சள் கொழுப்பு தெரிந்தாலோ, மூட்டின் மேல் வெட்டு ஆழமாக இருந்தாலோ தையல் தேவைப்படும். விரல்நுனி மரத்துப்போனால் நரம்பும், மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால் தசைநாணும் அறுந்திருக்கலாம். ஆறேழு மணி நேரத்துக்குள் போவது நல்லது. கத்தி அழுக்கானது, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் கடந்திருந்தால் அதையும் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.