ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' இரைச்சல்: எர்த் லூப்பா, கேபிளா?

பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டில் பழைய ஆம்ப் ஒன்றை மாட்டியதுமே பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். எர்த் லூப்பானாலும் கேபிள் கோளாறானாலும் இரைவது நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான். அதனால் காதால் கேட்டு முடிவு கட்டாதீர்கள்.

முதலில் ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் ஒயரை மட்டும் விட்டு, பின்பக்க ஆடியோ கேபிள்களையெல்லாம் கழற்றிவிட்டு ஆம்பை மறுபடி போடுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்பிலேயே இருக்கிறது. அமைதியானால் மேலே போகலாம்.

நான் ஏமாந்தது அடுத்த படியில். சந்தேகமான ஆர்சிஏ கேபிளை ஆம்பில் மட்டும் செருகினேன், மறுமுனை தரையில் கிடந்தது. இரைந்தது. 'கேபிள் சரியில்லை' என்று தூக்கிப் போட்டேன். புதியதும் இரைந்தது, அதுவும் குப்பைக்குப் போனது. இரண்டுமே நல்ல கேபிள்கள்! திறந்து கிடக்கும் முனை ஆன்டெனா மாதிரி. எந்தக் கேபிளும் அப்படி இரையும்.

சரியான வழி இது. ஆம்பை அணைத்துவிட்டு, மறுமுனை பிளக்கின் நடு ஊசியும் வெளி வளையமும் ஒன்றாகத் தொடும்படி சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். ஆம்பைப் போட்டு, வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். அமைதியாக இருந்தால் கேபிள் மேல் பழியில்லை. இரைந்தால் பிளக் பக்கத்தில் கேபிளை வளைத்துப் பாருங்கள். கரகரத்தால் உள்ளே ஷீல்டு அறுந்திருக்கிறது. பக்கத்திலுள்ள பவர் அடாப்டரை விட்டு கேபிளை நகர்த்தும்போது குறைந்தால், அதன் காந்தப்புலம்தான் கேபிளில் ஏறுகிறது. அதை எந்த விலை ஷீல்டும் முழுதாகத் தடுக்காது. ஓர் அடி தள்ளி வைப்பதே மருந்து.

என் கேபிள் தாள் சோதனையில் தேறியது, டிவி டிகோடரில் செருகியதும் இரைந்தது. அப்புறம் டிகோடரின் பின்னாலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றினேன். சட்டென்று நின்றது! மொட்டை மாடி இரும்பில் பதித்த டிஷ் ஒரு பக்கம் எர்த், மூன்று முனை பிளக் வைத்த ஆம்ப் மறுபக்கம் எர்த். இரண்டையும் கேபிளின் ஷீல்டு இணைத்ததுதான் லூப். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் அதே கதை.

ஆம்ப் பிளக்கின் எர்த்தை மட்டும் வெட்டாதீர்கள். இரைச்சல் நின்றுவிடும், ஆனால் உள்ளே கசிவு வந்தால் ஆம்பின் பெட்டியே ஷாக் அடிக்கும்.

என் தேர்வு ஆப்டிகல் கேபிள். வெளிச்சத்தில்தான் ஒலி போகிறது, செம்புத் தொடர்பே இல்லை. ஆம்பில் அந்தத் துளை இல்லாவிட்டால், ஆர்சிஏ வழியில் ஒரு சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். மலிவானவற்றில் பேஸ் கொஞ்சம் மெலியும்.

பின்சேர்க்கை: ஒருவர் டிஷ் கேபிளிலேயே ஆன்டெனா ஐசொலேட்டர் மாட்டி, படமே போய்விட்டது என்று எழுதியிருந்தார். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு அந்தக் கேபிள் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் போகிறது. சாதாரண ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும். ஆடியோ பக்கத்திலேயே பிரியுங்கள்.