"விண்ணப்ப நிலை" என்று மட்டும் வந்த செய்தி: ஒரு சிறுகதையைப் படிப்படியாகக் கட்டுவது

ஓர் அலுவலக எழுத்தருக்குக் குறுஞ்செய்தி ஒன்று வருகிறது. அதில் "விண்ணப்ப நிலை" என்ற இரண்டு சொற்கள் மட்டும். பெயர் இல்லை, விண்ணப்ப எண் இல்லை. அனுப்பியவர் எந்த விண்ணப்பத்தைக் கேட்கிறார் என்று எழுத்தர் கண்டுபிடிக்கிறார். கதை இவ்வளவுதான்.

முதல் சிறுகதை எழுதுபவர்களுக்கு இது நல்ல பயிற்சி. கொலை கிடையாது, காதல் கிடையாது. தேடுகிற வேலை ஒன்றுதான் கதையை நகர்த்த வேண்டும். அந்தத் தேடலை எப்படிக் கட்டுவது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கதைக்கு முன்னால் கோப்பை எழுதுங்கள்

முதல் வரியை யோசிக்காதீர்கள். ஒரு தாளில், எழுத்தரின் திரையில் தெரியப்போகும் விண்ணப்பங்களை எழுதிவையுங்கள். எழுத்தருக்குக் கலா என்று பெயர் வைப்போம். செய்தி வந்த கைபேசி எண்ணைக் கலா தேடுகிறாள், மூன்று விண்ணப்பங்கள் வருகின்றன.

ஒன்று, குடிநீர் இணைப்பை இறந்துபோன அப்பாவின் பெயரிலிருந்து மகன் பெயருக்கு மாற்றக் கோரியது. இரண்டு, அப்பாவின் இறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்தக் கோரியது. மாணிக்கம் என்று இருக்க வேண்டியது மணிக்கம் என்று பதிவாகியிருக்கிறது. மூன்று, பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலுக்குக் கொடுத்தது. அவளிடம் கைபேசி இல்லாததால் இவருடைய எண்ணைக் கொடுத்திருக்கிறாள்.

ஏன் மூன்று? இரண்டு என்றால் வாசகர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்துவிடுவார். ஐந்து என்றால் யாருக்கும் நினைவிருக்காது. மூன்றில் ஒன்று சீக்கிரம் கழிந்துவிட வேண்டும், மீதி இரண்டும் ஒன்றுபோலவே தெரிய வேண்டும். இந்தக் கதையில் முதல் இரண்டும் பெயர் தொடர்பானவை, ஒரே ஆள் ஒரே நாளில் கொடுத்தவை. குழப்பம் அங்கே தானாகவே வந்துவிடுகிறது, நாம் எதையும் இழுத்துக் கட்ட வேண்டியதில்லை.

ஒவ்வொன்றும் இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் காரணத்தோடு எழுதுங்கள். சான்றிதழ்த் திருத்தம் ஒன்பது நாளுக்கு முன்பே ஏற்கப்பட்டு, திருத்திய சான்றிதழ் வழங்கும் மேசையில் கிடக்கிறது. குடிநீர் இணைப்பு விண்ணப்பம் இன்று காலை திருப்பப்பட்டது, ஏனென்றால் அதோடு இணைத்திருந்தது பிழையுள்ள பழைய சான்றிதழ். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தவரிடம் அன்று வேறு சான்றிதழ் எங்கே இருந்திருக்கும்? குடிநீர்ப் பிரிவு தன் கோப்பை மட்டும் பார்க்கும். பதிவுப் பிரிவில் திருத்தம் முடிந்துவிட்டது என்பது அங்கே இருப்பவருக்குத் தெரியாது.

இந்தத் தாளில் இருப்பதெல்லாம் கதைக்குள் வராது. ஆனால் இது இல்லாமல் எழுதினால் நடுவில் தேதிகள் ஒன்றோடொன்று முட்டும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த வாசகர் ஒருவர் வந்து முதல் வேலையாக அதைத்தான் பிடிப்பார்.

இரண்டாம் படி: எளிய வழிகளைக் கதைக்குள்ளேயே அடைத்துவிடுங்கள்

இந்தக் கருவைக் கேட்டதுமே எவருக்கும் இரண்டு கேள்விகள் எழும். மூன்றின் நிலையையும் ஒரே பதிலாக அனுப்பிவிட்டால் என்ன? இல்லை, அவரையே கேட்டுவிட்டால் என்ன?

முதல் கேள்விக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பெண். இன்னொருவரின் விண்ணப்ப விவரத்தை, எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இவருக்குச் சொல்லிவிட முடியாது. அந்தப் பெண்ணை நாம் அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை, இதற்காகத்தான் சேர்த்தோம். இதை இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். கலா மூன்றாவது வரியில் வேறு பெயரைப் பார்க்கிறாள், அதைப் பதிலிலிருந்து விலக்குகிறாள். விதிமுறை விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கே கைபேசியை அணைத்துவிடுவார்கள், அல்லது யாரும் எடுக்கவில்லை என்பார்கள். அது ஏமாற்று வேலை. அவர் எடுக்கட்டும், பேசட்டும். பேசிய பிறகும் கலாவுக்குத் தெரியாமல் இருப்பதுதான் சுவாரசியம்.

> "சார், செய்தி அனுப்பியிருந்தீங்க. எந்த விண்ணப்பத்தைக் கேக்கறீங்க?"
>
> "பேர் மாத்தக் கொடுத்தேனே மேடம், அதுதான்."
>
> "எப்பக் கொடுத்தீங்க?"
>
> "அப்பா தவறின பிறகு. எல்லாத்தையும் ஒரே நாள்ல வந்து கொடுத்துட்டேன்."
>
> "ஒப்புகைச் சீட்டு இருக்கா? அதுல எண் இருக்கும்."
>
> "வீட்ல இருக்கு மேடம். நான் வேலையில நிக்கறேன்."
>
> பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. வைப்பதற்கு முன் அவர் சொன்னார்: "நீங்கதானே மேடம் முதல்ல அனுப்பினீங்க?"

அவர் எதையும் மறைக்கவில்லை. தன் பக்கத்திலிருந்து தெளிவாகத்தான் பேசுகிறார். அவருக்கு இரண்டுமே பேர் மாற்றும் வேலைதான், அலுவலகத்துக்குத்தான் அது இரண்டு பிரிவு. இந்த இடத்தில் அவரை விவரம் தெரியாதவராகக் காட்டிப் பரிதாபம் தேட வேண்டாம், கலாவையும் எரிந்துவிழ வைக்க வேண்டாம். இரண்டும் எழுதுவதற்குச் சுலபம், அதனாலேயே ஏற்கனவே நிறைய எழுதப்பட்டுவிட்டன.

கடைசி வரிதான் கதையின் திருகாணி. கலா அதை உடனே கவனிக்கக் கூடாது. அவர் ஏதோ குழப்பத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஃபோனை வைக்கட்டும்.

மூன்றாம் படி: துப்பை முன்பே வைத்துவிட்டு, மேலே எதையாவது போட்டு மூடுங்கள்

கலா எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? அனுப்பிய செய்திகளின் பட்டியலைத் திறந்து பார்க்கிறாள். அன்று காலை 10:40க்கு அவர் எண்ணுக்கு அலுவலகக் கணினியே ஒரு செய்தி அனுப்பியிருக்கிறது: "தங்கள் விண்ணப்ப நிலை மாற்றப்பட்டுள்ளது." எந்த விண்ணப்பம் என்று அதிலும் இல்லை. அதாவது, இவள் அவரிடம் கேட்கும் கேள்வியைத்தான் அவர் இவளிடம் கேட்டிருக்கிறார்.

இது நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டியலைத் திறக்கும்போதுதான் தானியங்கிச் செய்தி என்ற ஒன்று இருப்பதே வாசகருக்குத் தெரிகிறது என்றால், அவர் ஏமாந்ததாக உணர்வார். அதனால் கதையின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு பத்தி வேண்டும்:

> மேலதிகாரி முடித்துக்கொடுத்த கோப்புகளைக் கலா ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினாள். கடைசிக் கோப்பு போனதும் திரையில் ஒரு பெட்டி எழுந்தது. 23 பேருக்குத் தகவல் அனுப்பவா? ஆம் என்று தட்டிவிட்டு எழுந்தாள். பிரிண்டரில் மறுபடி தாள் சிக்கியிருந்தது. இரண்டு நாளாக இதே வேலைதான்.

துப்பு பத்தியின் நடுவில் இருக்கிறது. பத்தியின் முதல் வரியும் கடைசி வரியும் மனதில் தங்கும், நடு வரி நழுவும். அதற்குப் பின்னால் பிரிண்டர் தொல்லை வருவதால் வாசகரின் கவனம் அங்கே போய்விடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. அந்த மொட்டைச் செய்தியைப் போகவைத்தது கலாவின் விரல்தான். இதைக் கதையில் ஒருபோதும் வெளிப்படையாகச் சொல்லாதீர்கள். "தன் தவறை உணர்ந்தாள்" என்று ஒரு வரி எழுதினால் போதும், அதுவரை கட்டியது அத்தனையும் வீண்.

நான்காம் படி: கண்டுபிடிக்கும் காட்சி

இங்கே அவசரப்பட வேண்டாம். பட்டியலில் அவர் எண்ணுக்கு ஒரே வாசகத்தோடு இரண்டு செய்திகள் இருக்கின்றன, ஒன்று இன்று, ஒன்று ஒன்பது நாளுக்கு முன். கலா ஒவ்வொரு விண்ணப்பத்தின் வரலாற்றையும் திறந்து, எது எந்த நாளில் நகர்ந்தது என்று பொருத்துகிறாள். இன்றைய தேதி குடிநீர் இணைப்பில் இருக்கிறது: "திருப்பப்பட்டது. ஆவணத்தில் பெயர் பொருந்தவில்லை." ஒன்பது நாளைக்கு முந்தைய தேதி சான்றிதழில்: "திருத்தம் ஏற்கப்பட்டது. வழங்கத் தயார்."

சரி, எது என்று தெரிந்துவிட்டது. பலர் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ஆனால் "உங்கள் விண்ணப்பம் திருப்பப்பட்டது" என்ற பதில் சரியாக இருந்தும் அவருக்குப் பயன்படாது. திருப்பப்பட்டதற்கு மருந்து அடுத்த கோப்பிலேயே இருக்கிறது, அது தயாரான செய்தி போன அன்றும் எது தயார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கலா இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்க்கும் அந்தக் கணத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள். அவள் எழுந்து போய் வழங்கும் மேசையில் உள்ள உறைகளைப் புரட்டட்டும். மாணிக்கம் என்று காலோடு அச்சான தாளை அவளே கண்ணால் பார்க்கட்டும். திரையில் படித்தது கையில் கிடைக்கும்போதுதான் வாசகருக்கும் அது உண்மையாகும்.

ஐந்தாம் படி: பதில்தான் முடிவு

அவள் அனுப்பும் செய்தியோடு கதையை நிறுத்துங்கள்.

> உங்கள் குடிநீர் இணைப்புப் பெயர் மாற்ற விண்ணப்பம் (4417 என்று முடியும் எண்) இன்று திருப்பப்பட்டது. இணைத்த இறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் பிழை உள்ளது. திருத்திய சான்றிதழ் தயார். ஒப்புகைச் சீட்டோடு வந்து வாங்கி, நகலை இணைத்து மறுபடி கொடுங்கள்.

அலுவலக நடையிலேயே இருக்கட்டும், உருக்கம் சேர்க்க வேண்டாம். காலையில் போன நான்கு சொல் செய்திக்கும் இதற்கும் உள்ள நீள வித்தியாசமே போதும். அவர் நன்றி சொல்லி எழுதுவதாகவும், கலா புன்னகைப்பதாகவும் ஒரு பத்தி வைக்கக் கை துறுதுறுக்கும். எழுதிப் பாருங்கள், பிறகு அடித்துவிடுங்கள்.

எழுதிய பின்

கதையை ஒருவரிடம் கொடுத்து, தொலைபேசி உரையாடல் முடிந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். எந்த விண்ணப்பம் என்று நினைக்கிறார், ஏன் என்று கேளுங்கள். காரணத்தோடு சரியாகச் சொல்லிவிட்டால் துப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. 23 பேர் வாக்கியத்தை இன்னும் சுருக்கி, பிரிண்டருக்கு ஒரு வரி கூட்டுங்கள். பிறகு முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். "இந்தச் செய்தி எப்போது போனது?" என்று முடிவில் கேட்டாரானால் துப்பு ஆழத்தில் புதைந்துவிட்டது. அப்போது பிரிண்டர் வரியைக் குறையுங்கள், அல்லது உரையாடலில் "முதல்ல அனுப்பினீங்க" என்பதற்குப் பிறகு கலாவை ஒரு நொடி தயங்க வையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம். ஒன்றை மாற்றி, இதுவரை கதையைப் படிக்காத வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.