மூலையில் திரும்பும் ஏணி: கணக்கு எங்கே தடுமாறுகிறது?

1.35 மீட்டர் அகலமுள்ள ஒரு நடைவழி, 3.2 மீட்டர் அகலமுள்ள இன்னொன்றைச் செங்கோணத்தில் சந்திக்கிறது. தரைக்கு இணையாகப் பிடித்த ஏணியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு நீளமான ஏணி திரும்பும்?

முதல் சறுக்கல் கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறது. ‘மிக நீளமான’ என்று படித்தவுடன் மாணவர்கள் பெரும மதிப்பைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். ஏணியின் இரு முனைகளும் வெளிச்சுவர்களைத் தொட, அதன் உடல் உள்மூலையை உரசிக்கொண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறுகிய நடைவழியின் வெளிச்சுவரோடு ஏணி செய்யும் கோணம் θ என்றால், அந்தக் கோணத்தில் சுவர்களுக்கு இடையே கிடைக்கும் இடம்:

L(θ) = 1.35/sin θ + 3.2/cos θ

இது ஏணியின் நீளம் அல்ல. அந்தக் கோணத்தில் சுவர்கள் விட்டுக்கொடுக்கும் நீளம். θ என்பது 0 டிகிரியையோ 90 டிகிரியையோ நெருங்கும்போது L எல்லையில்லாமல் பெருகுகிறது. அதாவது இந்தச் சார்புக்குப் பெரும மதிப்பே கிடையாது. திரும்பும் ஏணி இடையிலுள்ள ஒவ்வொரு கோணத்தையும் கடந்தாக வேண்டும். ஒரே ஒரு கோணத்தில் இடம் போதாவிட்டாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே மிக இறுக்கமான கோணம் தரும் இடம்தான் ஏணியின் உச்ச நீளம். தேட வேண்டியது L-இன் சிறும மதிப்பை.

அடுத்தது, அந்த இறுக்கமான கோணம் 45 டிகிரிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வது. இரு நடைவழிகளும் ஒரே அகலமாக இருந்தால் மட்டுமே அது சரி. நம் கணக்கில் 45 டிகிரியை இட்டால் L சுமார் 6.43 மீட்டர் வருகிறது. அதை நம்பி 6.40 மீட்டர் ஏணியை எடுத்துவந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அகலமான பக்கத்திலிருந்து வந்தால் 45 டிகிரியை நூலிழையில் தாண்டும். 44 டிகிரியை எட்டும் முன்பே நின்றுவிடும். குறுகிய பக்கத்திலிருந்து வந்தால் ஏறக்குறைய 30 டிகிரியிலேயே மாட்டிக்கொள்ளும்.

சரியான கோணத்துக்கு L-ஐ வகையிட்டுச் சுழியத்துக்குச் சமப்படுத்த வேண்டும்:

1.35 cos θ / sin²θ = 3.2 sin θ / cos²θ

இதிலிருந்து tan³θ = 1.35/3.2 = 0.421875. இதன் கனமூலம் மிகச் சரியாக 0.75. எனவே sin θ = 0.6, cos θ = 0.8, கோணம் சுமார் 36.87 டிகிரி. L = 2.25 + 4 = 6.25 மீட்டர்.

இங்கே பின்னத்தைத் தலைகீழாக்கி 3.2/1.35 என்று எழுதிவிடும் பிழை மிக எளிதாக நுழைகிறது. கோணத்தை எந்தச் சுவரிலிருந்து அளக்கிறோம் என்பதைப் படத்தில் குறிக்காமல் விடுவதே அதற்குக் காரணம். அப்போது கோணம் 53.13 டிகிரி ஆகி, L ஏறத்தாழ 7.02 மீட்டர் என்று வரும். 45 டிகிரியிலேயே 6.43 மீட்டர் இடம்தான் இருந்தது. சிறும மதிப்பு அதைவிடப் பெரிதாக இருக்க வழியில்லை. இந்த ஒரு ஒப்பீடே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வகையிடலே இல்லாமல் விடையைச் சோதிக்க எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. ஏணியின் இரு முனைகளிலும், அவை தொடும் சுவர்களுக்குச் செங்குத்தாகக் கோடு வரையுங்கள். அவை சந்திக்கும் புள்ளியைச் சுற்றித்தான் அந்தக் கணத்தில் ஏணி சுழல்கிறது. அங்கிருந்து உள்மூலைக்கு வரையும் கோடு, மிக இறுக்கமான நிலையில் ஏணிக்குச் செங்குத்தாக அமையும். வெளிமூலையை ஆதியாகவும், குறுகிய நடைவழியின் வெளிச்சுவரை x அச்சாகவும் கொண்டால், முனைகள் (5, 0), (0, 3.75); சுழல் மையம் (5, 3.75), உள்மூலை (3.2, 1.35). மையத்துக்கும் உள்மூலைக்கும் உள்ள வேறுபாடு (1.8, 2.4). ஏணியின் திசை (4, −3). புள்ளிப்பெருக்கம் 7.2 − 7.2 = 0. விடை சரி.

பாடக்கணக்கு ஏணியைத் தடிமனில்லாத கோடாகக் கருதுகிறது. அதை அப்படியே நிஜ ஏணிக்குப் பொருத்துவதுதான் விலை அதிகமான தவறு. w அகலமுள்ள ஏணிக்கு L(θ)-இலிருந்து w/(sin θ cos θ) கழிய வேண்டும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஏணியைப் படுக்கையாகப் பிடித்தால், 36.87 டிகிரியில் மட்டும் 83 சென்டிமீட்டர் போய்விடுகிறது. இறுக்கமான கோணமும் சற்றே நகர்வதால் திரும்பக்கூடிய நீளம் 5.41 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஏணியைப் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்தால் அதன் தடிமன் மட்டுமே கழியும். ஒரு முனையை மேலே தூக்கிச் சாய்த்தால், கூரையின் உயரம் அனுமதிக்கும் அளவுக்கு 6.25 மீட்டரைவிட நீளமான ஏணியும் திரும்பும்.