கூலியும் விலையும் ஒன்றையொன்று துரத்துவதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்

தேவை ஒரு காகிதமும் கால்குலேட்டரும். ரொட்டிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டியின் விலை 100. அதில் கூலி 60. மாவு, எரிபொருள், வாடகை எல்லாம் சேர்த்து 40. லாபத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

படி 1. எண்ணெய் விலை ஏறி, அந்த 40 மட்டும் 44 ஆகிறது. ரொட்டி 104.

படி 2. விலை ஏறிய அளவுக்குக் கூலியும் ஏற வேண்டும் என்பது ஒப்பந்தம். நம் அகவிலைப்படி போலத்தான். கூலி 62.4 ஆகிறது, ரொட்டி 106.4. மறுபடி கூலி 63.84, ரொட்டி 107.84. தொடர்ந்து போட்டுப் பாருங்கள்: ஏற்றம் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்து, 110ஐ நெருங்கி நின்றுவிடும். பலரும் கவனிக்காத இடம் இது. கூலி விலையைத் துரத்துவதால் மட்டும் சுழல் முடிவில்லாமல் ஓடாது. 4 சதவீத அதிர்ச்சி 10 சதவீதமாகப் பெருகும், அவ்வளவுதான்.

படி 3. இப்போது எதிர்பார்ப்பைச் சேருங்கள். 104இல் இருக்கும்போதே, "அடுத்த ஆண்டும் 4 சதவீதம் ஏறும்" என்று தொழிலாளி, மாவு வியாபாரி, கடை உரிமையாளர் எல்லோரும் நம்பி, தங்கள் பங்கை முன்கூட்டியே 4 சதவீதம் கூட்டுகிறார்கள். ரொட்டி 108.16, பிறகு 112.49. எண்ணெய் விலை அசையவே இல்லை, ஆனாலும் ஏற்றம் சிறுக்கவில்லை. நம்பியதே நடந்துவிட்டதால் நம்பிக்கை இன்னும் உறுதியாகிறது. மத்திய வங்கி பணத்தை இறுக்கினால் இது உடையும். ஆனால் ஏறிய விலையில் ரொட்டி விற்காமல் முதலில் வேலை இழப்பவர் அந்தத் தொழிலாளிதான்.

படி 4. இத்தாலிக்கு வருவோம். அங்கே 1992 வரை இருந்த இத்தகைய ஒப்பந்தத்துக்கு ஸ்காலா மோபிலே என்று பெயர். 1975இல் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் அதை வலுப்படுத்தின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூலி திருத்தப்பட்டது. 1980இல் பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டியது. பொருளியலாளர் எட்சியோ தரான்டெல்லி சொன்ன வழி எளியது: கடந்த விலையைப் பார்த்துக் கூலியைக் கூட்டாதீர்கள், வரப்போகும் பணவீக்கத்துக்கு ஓர் இலக்கை எல்லோரும் ஒப்புக்கொண்டு, அதன்படி முன்னதாகவே நிர்ணயித்துவிடுங்கள்.

படி 5. அதையும் போட்டுப் பாருங்கள். இலக்கு 2 சதவீதம். எல்லோரும் நம்பினால் விலையும் 2 சதவீதமே ஏறும், யாருக்கும் நட்டமில்லை. கூலி மட்டும் 2, மற்றவை பழையபடி 4 என்றால் விலை 2.8 சதவீதம் ஏறும். தொழிலாளியின் வாங்கும் சக்தி சுமார் 0.8 சதவீதம் குறையும். முதலில் இறங்கி வருபவர் ஏமாறுவார் என்ற அந்தப் பயம் நியாயமானதுதான்.

1984 பிப்ரவரியில் பிரதமர் கிராக்ஸி அவசரச் சட்டத்தின் மூலம் கூலி உயர்வைக் குறைத்தார். மிகப் பெரிய தொழிற்சங்கத்தில் கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள். 1985 மார்ச்சில் தரான்டெல்லியைச் சிவப்புப் படை என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவினர் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 54 சதவீதம் பேர் குறைப்பு நீடிக்கட்டும் என்றார்கள். 1987இல் பணவீக்கம் 5 சதவீதத்துக்கு அருகே இறங்கியிருந்தது. பாராட்டு முழுவதையும் இந்தச் சட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது: 1986இல் எண்ணெய் விலையும் சரிந்தது, அதாவது படி 1 தலைகீழாக நடந்தது.